நோட்டீஸ் எழுத எந்தத் தமிழ்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேரூராட்சி அலுவலகத்துக்கு எதிரில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஊராட்சிச் செயலர், பள்ளித் தலைமை ஆசிரியர், குடியிருப்புச் சங்கத்துக்காரர், கூட்டுறவுச் சங்க எழுத்தர் என்று யார் நோட்டீஸ் அடிக்க வந்தாலும் தட்டச்சு முடிவதற்குள் இந்தச் சந்தேகங்களில் ஒன்றாவது வந்துவிடும். கல்லாவில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் சொன்னதைத்தான் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

"நோட்டீஸ்னா இலக்கணத் தமிழ்லதான் இருக்கணுமா, இல்ல பேசுற மாதிரி எழுதலாமா?"

வாக்கியத்தின் எலும்பு எழுத்துத் தமிழாக இருக்கட்டும், சதை பேச்சுத் தமிழாக இருக்கட்டும். எலும்பு என்றால் வினைமுற்று, வேற்றுமை உருபு, பன்மை விகுதி: கட்டுங்கள், கட்டாதவர்கள், அலுவலகத்தில், குழாயை. சதை என்றால் சொற்கள். கட்டணத்தைச் "செலுத்துகிறோம்" என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை, "கட்டுகிறோம்" என்றுதான் சொல்கிறோம். அந்தக் "கட்டு" நோட்டீஸுக்குள் வந்தால் மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.

மூன்று மாதிரி பாருங்கள். "குடிநீர்க் கட்டணத்தினைச் செலுத்தத் தவறியோர் உடன் செலுத்துதல் வேண்டும்" என்பது விறைப்பு. "தண்ணி வரி கட்டாதவங்க சீக்கிரம் கட்டிருங்க" என்பது திண்ணைப் பேச்சு. "குடிநீர் வரி கட்டாதவர்கள் இந்த மாதம் 30-ஆம் தேதிக்கு முன் கட்டிவிடுங்கள்" என்பது நோட்டீஸ். மூன்றாவதில் ஒரு சொல்லுக்குக்கூட யாரும் அகராதியைத் தேட வேண்டாம், ஆனாலும் அலுவலகத்திலிருந்து வந்தது என்று தெரிகிறது. அதைத் தெரிய வைப்பது "கட்டாதவர்கள்", "கட்டிவிடுங்கள்" என்ற முடிவுகள்தான்.

"முழுசா பேச்சுத் தமிழ்லயே போட்டா என்ன தப்பு? அதிகம் படிக்காதவங்களுக்கும் புரியுமே."

காதில் கேட்டால் புரியும். கண்ணால் படித்தால்தான் சிக்கல். ஐந்தாம் வகுப்போடு நின்றவரும் படிக்கக் கற்றுக்கொண்டது பாடப்புத்தகத் தமிழில்தான். "கட்டுங்கள்" என்பது அவர் கண்ணுக்குப் பழகிய உருவம், "கட்டிருங்க" என்பது எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்க வேண்டிய உருவம்.

அப்புறம், பேச்சுத் தமிழுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட எழுத்து வடிவமும் கிடையாது. கட்டிடுங்க, கட்டிருங்க, கட்டிப்போடுங்க, எதைப் போடுவது? எதைப் போட்டாலும் அது ஏதோ ஒரு பக்கத்துப் பேச்சு, மற்ற பக்கத்துக்காரருக்கு நாடக வசனம் மாதிரி இருக்கும். நோட்டீஸை வாசித்தவர் விஷயத்தை விட்டுவிட்டு "யாருப்பா எழுதினது?" என்று சிரித்தால் அடித்த காகிதம் வீண்.

"'வரவும்', 'வாருங்கள்', 'வர வேண்டும்', 'வருமாறு கேட்டுக்கொள்கிறோம்': இதுல எது மரியாதை?"

நான்கும் மரியாதைதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு. "வரவும்" பலகைக்கு ஏற்றது: வரிசையில் நிற்கவும், செருப்பை வெளியே விடவும். இரண்டு மூன்று சொல்லில் முடிகிற இடத்தில் அழகாக இருக்கும். "வாருங்கள்" முகம் பார்த்துச் சொல்வது, பத்தியாக எழுதும் நோட்டீஸுக்கு நான் முதலில் எடுப்பது இதைத்தான். "வர வேண்டும்" என்பது விதி, வராவிட்டால் ஏதாவது விளைவு இருக்கும்போது மட்டும். "கேட்டுக்கொள்கிறோம்" என்பது வேண்டுகோள், மறுக்க எதிராளிக்கு உரிமை உள்ள இடத்தில் மட்டும். நன்கொடைக்குக் கேட்டுக்கொள்ளலாம். சொத்து வரிக்குக் கேட்டுக்கொண்டால் "சரி, கேட்டுக்கொண்டார்கள்" என்று மடித்து வைத்துவிடுவார்கள்.

"-வும்" விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. அதே வடிவம் நோக்கத்தையும் காட்டும். "பணம் கட்டவும் ரசீது வாங்கவும் 2-ஆம் கவுன்ட்டருக்கு வரவும்" என்று ஒருவர் எழுதிக்கொண்டு வந்தார். முதல் இரண்டு "-வும்" கட்டுவதற்கும் வாங்குவதற்கும் என்ற பொருளில், மூன்றாவது கட்டளை. பாதி வாசித்தவர் பணத்தை எங்கே கட்டச் சொல்கிறார்கள் என்று முழிப்பார். "பணம் கட்டுவதற்கும் ரசீது வாங்குவதற்கும் 2-ஆம் கவுன்ட்டருக்கு வாருங்கள்" என்று மாற்றினோம், ஏழு எழுத்து கூடியது, குழப்பம் போயிற்று.

ஒரே நோட்டீஸில் நான்கையும் கலக்காதீர்கள். முதல் வரியில் "வாருங்கள்", அடுத்ததில் "கொண்டுவரவும்", கடைசியில் "கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்றால் மூன்று பேர் உட்கார்ந்து எழுதிய மாதிரி இருக்கும். பெரும்பாலும் உண்மையும் அதுதான், பழைய நோட்டீஸ் மூன்றை வெட்டி ஒட்டியிருப்பார்கள்.

"செய்யக்கூடாதுன்னு சொல்றதுக்கு எது சரி? துப்பாதீர், துப்பாதீர்கள், துப்பக்கூடாது, துப்ப வேண்டாம்..."

"-வும்" வடிவத்துக்கு நேரான எதிர்மறை புழக்கத்தில் இல்லை, அதனால்தான் இந்தத் தடுமாற்றம். "துப்பாதிருக்கவும்" என்று உருவாக்கலாம், ஆனால் அதை வாசித்து முடிப்பதற்குள் துப்பிவிடுவான்.

"துப்பாதீர்" பழைய "நீர்" என்ற முன்னிலைக்கு உரியது. சுவரில் ஒற்றை வரியாக இருந்தால் கம்பீரமாக இருக்கும். ஆனால் "நீங்கள்" என்று பேசிக்கொண்டிருக்கும் பத்தியின் நடுவில் வந்தால் திடீரென்று ராஜா காலத்து ஆள் நுழைந்த மாதிரி இருக்கும், அங்கே "துப்பாதீர்கள்" போடுங்கள். "கூடாது" விதி, அபராதம் இருந்தால் அதுதான். "வேண்டாம்" மிதமானது: "குழந்தைகளைத் தனியாக லிஃப்டில் அனுப்ப வேண்டாம்". அக்கறையோடு சொல்கிற இடத்துக்கு இதைவிட நல்ல சொல் தமிழில் இல்லை என்பது என் கட்சி.

"'கேட்டுக்கொள்ளப்படுகிறது' போடலைன்னா நோட்டீஸ் மாதிரியே இல்லையே?"

பழக்கதோஷம். அந்தச் செயப்பாட்டு வினை யார் கேட்கிறார்கள் என்பதை மறைத்துவிடுகிறது. கீழே கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தியிருக்கும்போது மறைக்க என்ன இருக்கிறது? "கேட்டுக்கொள்கிறோம்" என்று எழுதுங்கள்.

இன்னொன்று, இந்த வடிவத்தில் பிழை இல்லாமல் எழுதுபவர்கள் குறைவு. "பொதுமக்கள் ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்றுதான் பத்துக்கு ஏழு பேர் கொண்டுவருகிறார்கள். கேட்கப்படுபவர்கள் பொதுமக்கள் என்றால் "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று முடிய வேண்டும். அலங்காரமாக எழுதப் போய் எழுவாய் ஒரு பக்கம், பயனிலை ஒரு பக்கம்.

செயலைச் செய்தவர் யார் என்பது தேவையில்லாத இடத்தில் "-ப்பட்ட" வரலாம், "நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்கள்" என்பதில் தவறில்லை. ஆனால் "அலுவலகம் மூடப்பட்டிருக்கும்" என்பதைவிட "அலுவலகம் இயங்காது" நேராக இருக்கிறது. "மேற்கொள்ளப்படவுள்ளது" என்று வந்தால் அதற்குள் ஒரு நல்ல வினை ஒளிந்திருக்கும், தோண்டி எடுங்கள்: "பழுதுபார்ப்புப் பணி மேற்கொள்ளப்படவுள்ளது" என்பது "பழுது பார்க்கப் போகிறோம்" தானே.

"'தாங்கள்' போடணுமா 'நீங்கள்' போதுமா?"

ஒரு ஆளுக்கு எழுதும் கடிதத்தில் "தாங்கள்" சரி. ஊருக்கே ஒட்டும் நோட்டீஸில் "நீங்கள்" போதும். பாதி நேரம் அதுவும் வேண்டாம், "ரசீதைக் கொண்டுவாருங்கள்" என்பதிலேயே நீங்கள் அடங்கியிருக்கிறது.

"தாங்கள்", "தங்கள்" இரண்டிலும் மரியாதையைவிடப் பெரிய சிக்கல் பொருள் மயக்கம். அவை முன்னிலைக்கும் வரும், படர்க்கையில் "அவரவர்" என்ற பொருளிலும் வரும். ஒரு கடன் சங்க நோட்டீஸில் "உறுப்பினர்கள் தங்கள் கையொப்பத்துடன் செயலாளரை அணுகவும்" என்று இருந்தது. அவரவர் கையொப்பமா, இல்லை நோட்டீஸைக் கையில் வாங்கிய ஜாமீன்தாரரின் கையொப்பமா? எழுதியவர் நினைத்தது ஒன்று, வந்தவர்கள் புரிந்துகொண்டது இரண்டு. "அவரவர் கையெழுத்துடன்" என்றோ "ஜாமீன்தாரரின் கையெழுத்துடன்" என்றோ போட்டிருந்தால் செயலாளர் ஒரு வாரம் எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

"எங்க ஆபீஸ் நோட்டீஸ் ஒண்ணு தரேன், மாத்திக் காட்டுங்களேன்."

தந்தது இது, ஊர்ப் பெயரை மட்டும் எடுத்துவிட்டேன்:

"பொதுமக்களுக்கு இதன்மூலம் தெரிவித்துக்கொள்வது யாதெனில், மேற்படி பேரூராட்சிக்குட்பட்ட 7-வது வார்டு பகுதியில் குடிநீர்ப் பிரதானக் குழாய் பழுதுபார்ப்புப் பணிகள் மேற்கொள்ளப்படவுள்ளதால் எதிர்வரும் 12 மற்றும் 13 ஆகிய தேதிகளில் குடிநீர் விநியோகம் நிறுத்தி வைக்கப்படும் என்பதால் பொதுமக்கள் போதிய குடிநீரினை முன்கூட்டியே சேமித்து வைத்துக்கொண்டு நிர்வாகத்திற்கு ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது."

ஒரே வாக்கியம். "யாதெனில்" வரை வாசித்தும் விஷயம் வரவில்லை. "மேற்படி" என்கிறது, மேலே ஒன்றும் இல்லை. "மேற்கொள்ளப்படவுள்ளதால்", "என்பதால்" என்று காரணத்துக்குள் காரணம். மறுபடி தண்ணீர் எப்போது வரும் என்பது எங்கேயும் இல்லை, வாசிப்பவர் முதலில் கேட்கப் போவதே அதுதான். பேரூராட்சியில் கேட்டு அந்தத் தகவலை வாங்கிய பிறகு இப்படி மாற்றினோம்:

"12, 13 தேதிகளில் குடிநீர் வராது. 7-வது வார்டில் பெரிய குழாயைப் பழுது பார்க்கிறோம். அதனால் வரும் 12 வியாழன், 13 வெள்ளி இரண்டு நாளும் இந்த வார்டுக்குக் குடிநீர் வராது. 11-ஆம் தேதி மாலைக்குள் தேவையான தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். 14-ஆம் தேதி காலை 6 மணிக்கு வழக்கம்போல் தண்ணீர் விடுவோம். பழுது முடியத் தாமதமானால் தெருத் தெருவாக லாரியில் தண்ணீர் தருவோம்."

முதல் வரியைத் தலைப்பாகப் பெரிய எழுத்தில் போட்டோம். "சேமித்து" என்பது "பிடித்து வைத்து" ஆனது, ஏனென்றால் தண்ணீரைப் பிடிப்பதுதான் வழக்கம், சேமிப்பது பணத்தை. "விநியோகம் நிறுத்தி வைக்கப்படும்" என்பது "வராது" ஆனது. கவனித்துப் பாருங்கள், பேச்சு வழக்கின் விகுதி ஒன்றுகூட இல்லை, "விடுவோம், தருவோம்" எல்லாமே சுத்தமான எழுத்துத் தமிழ். "ஒத்துழைப்பு நல்குமாறு" என்பதை எடுத்ததில் மட்டும் செயல் அலுவலருக்கு வருத்தம். தண்ணீர் பிடித்து வைப்பது அவரவர் தேவைக்கு, இதில் ஒத்துழைப்பு எங்கே வந்தது என்று கேட்டேன், விட்டுவிட்டார்.

"ரேஷன் கார்டா, குடும்ப அட்டையா? தமிழ்ச் சொல்லைத்தான் போடணும்னு சொல்றாங்களே."

அலுவலகப் பெயர் எது, மக்கள் வாயில் உள்ளது எது என்று இரண்டையும் பாருங்கள். "குடும்ப அட்டை" எல்லோருக்கும் தெரியும், அதையே போடலாம். "நியாய விலைக் கடை" பலகையிலேயே இருக்கிறது. ஆனால் "வருவாய்த் தீர்வாயம்" என்று மட்டும் போட்டால் கிராமத்தில் பாதிப்பேருக்கு அது ஜமாபந்தி என்று தெரியாது, மனுவைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த வருஷம்வரை காத்திருப்பார்கள். அங்கே "வருவாய்த் தீர்வாயம் என்னும் ஜமாபந்தி" என்று முதல் தடவை இரண்டையும் சேர்த்து எழுதி, பிறகு ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பட்டா, சிட்டா, அடங்கல் இவற்றில் கை வைக்கவே வேண்டாம், தாளின் பெயரே அதுதான்.

தமிழ் வளர்ச்சித் துறையின் ஆட்சிச்சொல் அகராதியைக் காட்டி வாதிடுபவர்கள் உண்டு. நல்ல அகராதி, துறைப் பெயருக்கும் பதவிப் பெயருக்கும் நானும் அதைத்தான் பார்க்கிறேன். ஆனால் அகராதி சொல் தரும், வாக்கியம் தராது. அதிலிருந்து பத்துச் சொல்லை எடுத்து அடுக்கிவிட்டு இடையில் "மேற்கொள்ளப்பட்டு" போட்டு ஒட்டுவதுதான் விறைப்புக்கு முக்கியக் காரணம்.

"தலைப்புல மட்டும் பேச்சு வழக்கு போடலாமா?"

போடலாம், அரசே போட்டிருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை வந்தது. அதையொட்டி 2021 டிசம்பரில் தொடங்கிய இயக்கத்துக்கு வைத்த பெயர் "மீண்டும் மஞ்சப்பை". இலக்கணப்படி மஞ்சள் பை. ஆனால் மஞ்சள் பை என்றால் ஒரு நிறத்தில் ஒரு பை, மஞ்சப்பை என்றால் துணிக்கடையிலும் கல்யாண வீட்டிலும் கொடுத்த அந்தப் பை. ஒரே சொல்லில் நினைவையும் சேர்த்து இழுத்துவிட்டார்கள்.

ஆனால் அதே விஷயத்தில் எந்தப் பொருளுக்குத் தடை, யாருக்கு அபராதம் என்று சொல்லும்போது எழுத்துத் தமிழ்தான். பெயரிலும் தலைப்பிலும் பேச்சு வழக்கு ஒரு சொல்லாக நிற்கும்போது சுவை. அதை உள்ளே இழுத்துக்கொண்டு போனால் இரண்டாவது கேள்வியில் சொன்ன தொல்லை எல்லாம் வரும்.

"'15-ஆம் தேதிக்குள்'னு போட்டா 15 சேர்த்தியா இல்லையா?"

இதற்காகச் சண்டையே நடந்திருக்கிறது. "15-க்குள்" என்றால் 14 முடிவதற்குள் என்று சிலரும், 15 மாலை வரை என்று சிலரும் படிக்கிறார்கள், இருவரையும் தப்பு சொல்ல முடியாது. பேச்சில் இந்த மயக்கம் தெரியாது, ஏனென்றால் உடனே "பதினஞ்சு அன்னிக்கு வரலாமா?" என்று திருப்பிக் கேட்டுவிடுவோம். சுவரைத் திருப்பிக் கேட்க முடியாது. அதனால் "15-ஆம் தேதி மாலை 5 மணி வரை" என்று நேரத்தோடு எழுதுங்கள். முதல் கேள்விக்கு "30-ஆம் தேதிக்கு முன்" என்று நானே ஒரு மாதிரி கொடுத்தேன் அல்லவா, அதுவும் பாதிதான் தெளிவு, அச்சுக்குப் போகும்போது அதையும் "29-ஆம் தேதி மாலை வரை" என்று மாற்றுவேன்.

"எதிர்வரும்" தேவையில்லை, தேதியே எதிரேதான் இருக்கிறது. "அடுத்த வெள்ளி" என்பதும் ஆபத்து, புதன்கிழமை அதைப் படிப்பவர் நாளை மறுநாளை நினைப்பாரா அதற்கு அடுத்த வாரத்தையா? தேதியும் கிழமையும் சேர்ந்தே இருக்கட்டும். "நாளை" என்ற சொல் நோட்டீஸில் வரவே கூடாது, கிழிக்க மறந்தால் அது தினமும் நாளைதான்.

"எச்சரிக்கை நோட்டீஸ் கொஞ்சம் கடுமையா இருக்க வேண்டாமா? எளிமையா எழுதினா பயப்பட மாட்டாங்க."

"தவறும் பட்சத்தில் கடும் நடவடிக்கை எடுக்கப்படும் என எச்சரிக்கப்படுகிறது." இதற்கு யாராவது பயந்து பார்த்திருக்கிறீர்களா? என்ன நடவடிக்கை, யார் எடுப்பார்கள், எப்போது, ஒன்றும் இல்லை. எளிய தமிழில் என்ன நடக்கும் என்று சொன்னால் அதுதான் கடுமை: "31-ஆம் தேதி மாலை வரை வரி கட்டாத வீடுகளின் குடிநீர் இணைப்பை 1-ஆம் தேதி துண்டிப்போம்."

ஆனால் அப்படி எழுதுவதற்கு முன் உண்மையிலேயே துண்டிக்க அதிகாரம் இருக்கிறதா, துண்டிக்கப் போகிறீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மங்கலான வாசகம் பல நேரம் அந்தக் கேள்வியைத் தள்ளிப்போடத்தான் உதவுகிறது. அதிகாரம் இல்லாத இடத்தில், குடியிருப்புச் சங்கம் மாதிரி, "நடவடிக்கை" என்ற சொல்லையே விட்டுவிட்டு "பொதுக்குழுவில் வைப்போம்" என்று முடிப்பது நல்லது.

"ஏல அறிவிப்பு, தேர்தல் அறிவிப்பு இதையெல்லாமும் இப்படி மாத்திடலாமா?"

கூடாது. சட்டமோ விதியோ இன்ன வாசகத்தில் இருக்க வேண்டும் என்று படிவம் கொடுத்திருந்தால் ஒரு சொல்லும் மாற்றாதீர்கள், எவ்வளவு விறைப்பாக இருந்தாலும் சரி. பின்னால் வழக்கு வந்தால் அந்த வாசகத்தைத்தான் பார்ப்பார்கள். "செலுத்த வேண்டும்" என்பதை இதமாக இருக்கட்டும் என்று "செலுத்தலாம்" என்று மாற்றியவரைப் பார்த்திருக்கிறேன், கட்டாயம் விருப்பமாகிவிட்டது.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. சட்ட வாசகத்தை அப்படியே வைத்து, அதற்கு மேலே தனிப் பெட்டியில் இரண்டு வரி எழுதுங்கள்: "குளத்து மீன் பிடிக்கும் உரிமைக்கு ஏலம். 20-ஆம் தேதி காலை 11 மணி, ஊராட்சி அலுவலகம். முன்பணம் கட்டியவர்கள் மட்டும் ஏலம் கேட்கலாம். முழு விதிகள் கீழே." மேலே உள்ளதும் கீழே உள்ளதும் முரண்படாமல் யாராவது இன்னொருவர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும், எழுதியவர் கண்ணுக்குத் தெரியாது.

"இதே நோட்டீஸை ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லணும். அப்படியே வாசிக்கலாமா?"

வாசிக்காதீர்கள், அங்கேதான் பேச்சுத் தமிழுக்கு முழு உரிமை. ஆட்டோ நகர்ந்துகொண்டே இருக்கும், ஒரு வீட்டுக்காரர் காதில் இருபது வினாடிதான் விழும். "பன்னெண்டு, பதிமூணு ரெண்டு நாளும் தண்ணி வராது. ஏழாவது வார்டு. பதினொண்ணாந் தேதி சாயங்காலத்துக்குள்ள பிடிச்சு வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுத் தேதியை மறுபடி சொல்ல வேண்டும். இரண்டாவது கேள்வியில் பேச்சுத் தமிழுக்கு எதிராகச் சொன்ன இரண்டு காரணமும் இங்கே செல்லாது: எழுத்துக்கூட்ட வேண்டியதில்லை, சொல்பவரும் அதே ஊர்க்காரர்.

வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்பினால் இதே முறை. எழுத்தாக அனுப்பினால் சுவரில் ஒட்டியதையே அனுப்புங்கள், இரண்டு வாசகம் இரண்டு மாதிரி இருந்தால் எது உண்மை என்று கேட்டு ஃபோன் வரும்.

"ஒற்றெழுத்து போடலைன்னா யார் கண்டுக்கப் போறா?"

சொற்களை எளிமையாக்கிய பிறகு ஒற்றுதான் உங்கள் கண்ணியத்தைக் காப்பாற்றுகிறது. எல்லா விதியும் தெரிய வேண்டாம், "ஐ"க்கும் "கு"வுக்கும் பின்னால் க, ச, த, ப வந்தால் ஒற்றுப் போடுங்கள்: குழாயைப் பழுது பார்க்க, அலுவலகத்துக்குச் செல்ல. முக்கால்வாசிப் பிழை இதிலேயே போய்விடும்.

"இலங்கை நண்பர் ஒருத்தர் அனுப்பின நோட்டீஸ் நல்லா இருந்தது. அதைப் பார்த்து எழுதலாமா?"

வாக்கிய அமைப்பைப் பாருங்கள், சொல்லை அப்படியே எடுக்காதீர்கள். அங்கே "திகதி" என்பது அன்றாடச் சொல், இங்கே போட்டால் அச்சுப்பிழை என்பார்கள். "பிரதேச செயலகம்" அங்கே ஒரு குறிப்பிட்ட அலுவலகம், நம் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அதை மாற்றுப் பெயராக வைக்க முடியாது.

"நீங்க சொன்ன மாதிரி எழுதிக் கொடுத்தேன். 'இது நோட்டீஸ் மாதிரியே இல்லை'ன்னு மேலதிகாரி திருப்பி அனுப்பிட்டார். என்ன செய்ய?"

அதிகாரிக்கு வேண்டியது பெரும்பாலும் சட்டகம்தான். அலுவலகப் பெயர், ந.க.எண், நாள், "பொருள்:" என்ற வரி, எந்தத் தீர்மானத்தின்படி என்ற குறிப்பு, கீழே பதவிப் பெயரும் முத்திரையும், இவற்றில் எதையும் தொடாதீர்கள். நோட்டீஸ் நோட்டீஸாகத் தெரிவது அங்கேதான், அதற்குள்ளே வருகிற நாலைந்து வாக்கியம் மட்டும்தான் நம் வேலை. தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டம் 1956-இலேயே வந்துவிட்டது, தமிழில் எழுத வேண்டும் என்பதற்கு அதைக் காட்டலாம், "யாதெனில்" என்று எழுத வேண்டும் என்பதற்கு எதையும் காட்ட முடியாது.

அதற்கும் மசியவில்லை என்றால் வாதாடாமல் ஒரு வேலை செய்யுங்கள். பழையது ஒன்று, புதியது ஒன்று அச்செடுத்து, அலுவலகத்துக்கு மனு கொடுக்க வந்தவர் யாரையாவது கூப்பிட்டுப் பழையதை வாசிக்கச் சொல்லி, "இப்ப நீங்க என்ன செய்யணும்?" என்று மட்டும் கேளுங்கள், அதிகாரி பக்கத்திலேயே இருக்கட்டும். குடிநீர் நோட்டீஸை அப்படித்தான் காட்டினோம். வரிசையில் நின்ற ஒரு பெரியவர் பழையதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, "ஏதோ பைப்பு வேலைக்கு நாங்க ஒத்துழைக்கணுமாம், ஆள் வரணுமா?" என்று கேட்டார்.